‘பார்த்துட்டு சொல்லுங்க’ போதாது: டிசைன் டிராஃப்டை ஒப்புதல் கேட்கும் செய்தியாக மாற்றி எழுதுவது எப்படி

டிசைன் வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி ஒரு செய்தி கட்டாயம் இருக்கும்:

“அண்ணாச்சி, பவுச் டிசைன் ரெடி. ரெண்டு ஆப்ஷன் போட்டிருக்கேன். பார்த்துட்டு சொல்லுங்க 🙏”

அதற்கு வரும் பதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்:

“நல்லாருக்கு தம்பி. கொஞ்சம் பளிச்சுனு இருந்தா இன்னும் நல்லாருக்கும். வீட்லயும் காட்டிட்டுச் சொல்றேன்.”

இதில் எந்த ஆப்ஷன் தேர்வானது? எது பளிச்சென்று இருக்க வேண்டும்? வீட்டில் யார், எப்போது சொல்வார்கள்? வேலையைத் தொடரலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா? ஒன்றுக்கும் விடை இல்லை. அண்ணாச்சியைக் குறை சொல்லவும் முடியாது. அபிப்பிராயம் கேட்டார்கள், அபிப்பிராயம் சொன்னார். முடிவு வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, இந்தச் செய்தியைப் படிப்படியாக மாற்றி எழுதப் போகிறோம். வேலை: கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு 200 கிராம் பவுச். பிளாஸ்டிக் ஃபிலிமில் கிராவூர் முறையில் அச்சாகப் போகிறது. நிறுவனமும் ஆட்களும் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவர்கள். கேள்விகள் மட்டும் இந்தத் தொழிலில் உண்மையாகவே வருபவை.

கிராவூரை வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். செதுக்கிய பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த நிறத்தின் சிலிண்டரைப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். கறுப்பில் மட்டும் இருக்கும் எழுத்து என்றால் ஒரு சிலிண்டரோடு போகும். சிவப்பும் மஞ்சளும் கலந்த பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் குடைந்து விட்டிருந்தால் அந்தப் பின்னணி நிறங்களின் சிலிண்டர்கள் எல்லாமே மாறும். இணையத்தில் போடும் போஸ்டரில் பிழை இருந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். இங்கே அப்படி முடியாது. அதனால் ‘நல்லாருக்கு’ என்பதற்கும் ‘ஒப்புதல்’ என்பதற்கும் உள்ள தூரம் இங்கே பணமாகத் தெரியும்.

முதல் படி: செய்தியை எழுதும் முன் டிராஃப்டைப் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலோர் செய்தியின் வார்த்தைகளைத் திருத்தப் பார்க்கிறார்கள். ‘சொல்லுங்க’ என்பதை ‘தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும்’ என்று மாற்றினால் மரியாதை கூடும், தெளிவு கூடாது. கோளாறு அதற்கு முந்தின இடத்தில் இருக்கிறது: அனுப்புகிறவருக்கே தனக்கு என்ன முடிவு வேண்டும் என்று தெரியவில்லை.

டிராஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பக்கம் தள்ளுங்கள். ஏற்கெனவே முடிவானவை, இப்போது முடிவு வேண்டியவை, இன்னும் பார்க்கும் நிலைக்கு வராதவை.

நம் பவுச்சில் லோகோவும் பவுச்சின் அளவும் போன சுற்றிலேயே முடிந்துவிட்டன. பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணை இன்னும் ஆகவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை. அங்கே போலி எண்கள்தான் நிற்கின்றன. இந்த இரண்டையும் செய்தியில் சொல்லாவிட்டால் பார்ப்பவரின் கண் நேரே அங்கேதான் போகும். “லோகோ கொஞ்சம் பெருசா இருக்கலாமோ” என்று முடிந்த விஷயம் மறுபடி திறக்கும். “சர்க்கரை 10 கிராம்னு போட்டிருக்கே, தப்பாச்சே” என்று ஆகாத விஷயத்தில் பத்து நிமிடம் கழியும்.

மிச்சம் இருப்பவைதான் இப்போது முடிவு வேண்டியவை. அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நம் வேலையில் எழுதியபோது வந்தவை:

முன்பக்கத்தில் உள்ளே இருக்கும் மிட்டாய் தெரியும்படி விட்ட கண்ணாடி ஜன்னல் நடுவிலா, அடியிலா. ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று பெரிதாகப் போடலாமா. படத்தில் மிட்டாய் மேல் தேங்காய்த் துருவல் தெரிகிறது, அது சரியா. விலையை அச்சிலேயே போடுவதா, வேண்டாமா. பின்னணி அடர் சிவப்பா, செங்கல் நிறமா. பார்கோடு எந்த நிறத்தில். எழுத்துரு இரண்டில் எது.

இரண்டாம் படி: அவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகளை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்

இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான இடம். மேலே உள்ள பட்டியலில் எல்லாமே கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ‘இதற்கான விடை யார் தலைக்குள் இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள்.

பார்கோடு நிறம் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியதே இல்லை. கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை. சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும். பவுச் சிவப்பாக இருக்கிறதே என்று பார்கோடையும் சிவப்பில் போட்டால் படிக்காது. வெள்ளையில் கறுப்பு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியது. கேட்டால், “சிவப்புலயே போடு தம்பி, மேட்சா இருக்கும்” என்று பதில் வரும். பிறகு அதை மறுக்க வேறு ஒரு விளக்கம் எழுத வேண்டும். எழுத்துருவும் அப்படித்தான். தூரத்திலிருந்து எது வாசிக்க முடிகிறது என்று பிரிண்ட் எடுத்து வைத்துப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுங்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஜன்னல் விஷயம் வேறு. அது பார்க்க அழகுக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் விடை அவரிடம்தான் இருக்கிறது. கடலைமிட்டாய் லாரியில் குலுங்கிப் போகும்போது உடைந்து, கடலைத் துகள் பவுச்சின் அடியில் சேரும். ஜன்னல் அடியில் இருந்தால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தத் துகளைத்தான். எவ்வளவு உடைகிறது என்பது சரக்கு அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். இதோடு அச்சு விஷயமும் ஒன்று கலந்திருக்கிறது: ஜன்னல் என்பது வெள்ளை மை விழாத இடம், அதனால் ஜன்னலை நகர்த்தினால் வெள்ளைச் சிலிண்டரும் மாறும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்ற பெயர் இன்னும் நுட்பமானது. அதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு பெற்ற பொருளின் பெயரையும் புவிசார் குறியீட்டின் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குரியது. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று டிசைனருக்கு எப்படித் தெரியும்? கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் பெரிதாகப் போட்டுவிட்டு, ‘நல்லாருக்கு’ என்ற பதிலை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான பழக்கம்.

தேங்காய்த் துருவலில் ஒரு கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. படத்தில் துருவல் இருந்து பவுச்சுக்குள் இல்லாவிட்டால் வாங்கியவர் கோபப்படுவார். உள்ளே துருவல் இருந்து பின்பக்கத்துச் சேர்பொருள் பட்டியலில் தேங்காய் இல்லாவிட்டால் அது லேபிள் பிழை. துருவலுக்கு நிறம் சேர்த்திருந்தால் அந்த நிறத்தையும் பட்டியலில் சொல்ல வேண்டும்.

விலை? அச்சில் போட்டுவிட்டால் வெல்லம் விலை ஏறும்போது ஃபிலிம் ரோல் முழுவதும் பழைய விலையோடு நிற்கும். பேக்கிங் மேசையில் தேதி அடிக்கும் இயந்திரம் இருந்தால் விலையையும் பேட்ச் எண்ணையும் அதிலேயே அடித்துக்கொள்ளலாம், டிசைனில் வெற்றுக் கட்டம் விட்டால் போதும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் முதலாளி கூட இல்லை, பேக்கிங் பார்ப்பவர். செய்தியில் அதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்னணி நிறம் மட்டும் இழுபறி. பொதுவாக அது டிசைனரின் முடிவு. ஆனால் அதே கடை அலமாரியில் எதிராளியின் பவுச் அடர் சிவப்பில் இருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும். அதனால் ‘எந்த நிறம் பிடிக்கிறது’ என்று கேட்காமல், ‘உங்கள் கடைகளில் பக்கத்தில் வைக்கும் பாக்கெட் எந்த நிறம்’ என்று முன்பே ஒரு வரி கேட்டு, பதிலை வைத்து நீங்களே முடிவு செய்துவிடுங்கள். ஒப்புதல் செய்தியில் அது வர வேண்டாம்.

ஏழு இருந்தது நான்கானது. ஒரு செய்தியில் நான்கைத் தாண்டினால் பதில் சொல்பவர் முதல் இரண்டுக்குச் சொல்லிவிட்டு மிச்சத்தை மறந்துவிடுவார் என்பது என் அனுபவம்.

மூன்றாம் படி: கேள்வியைப் பதில் சொல்லக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருதல்

ஒரு கேள்வி சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அதற்கு வரக்கூடிய பதில்களை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்து நீங்கள் செய்யும் வேலை வேறு வேறாக இருந்தால் அது கேள்வி. எந்தப் பதில் வந்தாலும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்கள் என்றால் அதை மாற்றி எழுதுங்கள்.

“ஜன்னல் எப்படி இருக்கு?” என்று கேட்டால் “ஓகேதான்” என்று வரும். ஒன்றும் செய்ய முடியாது. மாற்றி எழுதினால்:

“ஜன்னலை நடுவில் வைத்திருக்கிறேன். அடியில் வைத்தால் மிட்டாய் நிறையத் தெரியும், ஆனால் உடைந்த துகளும் தெரியும். கடைக்குப் போய்ச் சேரும்போது துகள் அதிகமாகச் சேர்கிறதா? சேரும் என்றால் நடுவிலேயே இருக்கட்டும். இல்லை என்றால் அடிக்கு இறக்குகிறேன்.”

இதில் நான்கு துண்டு இருக்கிறது. இப்போது என்ன செய்திருக்கிறேன், மாற்று என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன, எந்தப் பதிலுக்கு எது நடக்கும். கேட்பது டிசைனைப் பற்றி அல்ல, அவருடைய சரக்கைப் பற்றி. அதனால்தான் அவரால் பட்டென்று சொல்ல முடிகிறது. டிசைன் தெரியாதவரிடம் டிசைன் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவர் தொழில் வழியாகக் கேட்க வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் இந்த நான்கு துண்டும் வேண்டியதில்லை. துருவல் கேள்வி ‘உண்டா, இல்லையா’ என்பதோடு முடியும். பெயர்க் கேள்வியில் காரணத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் “போடு தம்பி, நம்ம ஊரு பேருதானே” என்று வந்துவிடும்.

இரண்டு ஆப்ஷன் அனுப்பும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எது நல்லது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தும் இரண்டையும் அனுப்பினால், பெரும்பாலும் ‘இதோட மேல்பாகம், அதோட கீழ்ப்பாகம்’ என்று ஒட்டுப்போட்ட மூன்றாவது ஒன்று கேட்டு வரும். உங்கள் பரிந்துரையை ஒன்றாக அனுப்புங்கள். உண்மையிலேயே முடிவு அவரிடம் இருக்கிறது என்றால் மட்டும் இரண்டு, அதுவும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபட்ட இரண்டு. ஜன்னல் இடம் மட்டும் வேறு, மற்றதெல்லாம் ஒன்று. நிறமும் எழுத்துருவும் சேர்ந்து மாறினால் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்களுக்கே தெரியாது.

நான்காம் படி: செய்தியைக் கட்டுதல்

இப்போதுதான் எழுத வேண்டும். வரிசை முக்கியம். என்ன அனுப்புகிறேன், என்ன வேண்டும், எப்போது, ஏன் அப்போது, கேள்விகள், எதைப் பார்க்க வேண்டாம். ஆரம்பித்த செய்தி இப்படி ஆகும்:

“அண்ணாச்சி, வணக்கம். 200 கிராம் பவுச் டிசைன், 3-ஆம் பதிப்பு அனுப்பியிருக்கிறேன். இறுதி ஒப்புதல் இன்னும் கேட்கவில்லை, கீழே உள்ள நான்குக்கு உங்கள் முடிவு வேண்டும். புதன் மாலை 6 மணிக்குள் சொன்னால், திருத்தி வெள்ளிக்கிழமை இறுதிப் பதிப்பு தந்துவிடுவேன். திங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கலாம். தள்ளிப்போனால் சிலிண்டரும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

1. ஜன்னல் (பக்கம் 1): நடுவில் வைத்திருக்கிறேன். அடியில் வைத்தால் மிட்டாய் நிறையத் தெரியும், உடைந்த துகளும் தெரியும். கடைக்குப் போகும்போது துகள் அதிகம் சேர்கிறதா? சேர்ந்தால் நடுவிலேயே விடுகிறேன்.

2. பெயர் (பக்கம் 1): ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறேன். இது புவிசார் குறியீடு பெற்ற பெயர். நீங்கள் பயனராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் சான்றின் படம் அனுப்புங்கள். இல்லை என்றால் இந்தப் பெயரைப் போடாமல் உங்கள் பிராண்டு பெயரைப் பெரிதாக்கி, ‘கடலைமிட்டாய்’ என்று மட்டும் போடுகிறேன்.

3. படம் (பக்கம் 1): மிட்டாய் மேல் தேங்காய்த் துருவல் தெரிகிறது. 200 கிராம் பாக்கெட்டில் போவதிலும் துருவல் உண்டா? உண்டு என்றால் அதில் நிறம் சேர்க்கிறீர்களா?

4. விலை (பக்கம் 2): அச்சில் போடாமல் கட்டம் விட்டிருக்கிறேன். பேக்கிங்கில் தேதி அடிக்கும் இயந்திரத்தில் விலையும் அடிக்க முடியுமா என்று பேக்கிங் பார்க்கும் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

லோகோ, பவுச் அளவு போன முறை முடிவானபடியே. பக்கம் 2-இல் ஊட்டச்சத்து அட்டவணை எண்கள் தற்காலிகமானவை, ஆய்வக அறிக்கை வந்ததும் மாறும். இப்போது பார்க்க வேண்டாம்.

எண் போட்டு ஒரு வரி பதில் போதும். வாய்ஸ் நோட்டும் சரிதான்.”

நீளமாக இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அவர் எழுத வேண்டியது நான்கு வரிதான். ஒரு வரி அனுப்பிவிட்டு மூன்று நாள் போனில் பேசுவதைவிட இது குறைவு. ரொம்பவும் படிக்கமாட்டார் என்று தெரிந்தவராக இருந்தால் போன் செய்து பேசிவிட்டு, பேசியதை இதே எண் வரிசையில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேதியோடு காரணத்தையும் சேர்த்ததைக் கவனியுங்கள். “புதன்கிழமைக்குள் சொல்லவும்” என்று மட்டும் இருந்தால் அது டிசைனரின் அவசரம். சிலிண்டர் தள்ளிப்போகும் என்றால் அவருடைய சரக்கு தள்ளிப்போகும் என்று அவருக்குப் புரியும். காரணம் இல்லாத தேதியை இட்டுக்கட்டாதீர்கள். ஒரு தடவை பொய்த் தேதி என்று தெரிந்தால் அடுத்த தேதியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

வீட்டில் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரி சேர்க்கலாம்: “வேறு யாராவது பார்க்க வேண்டும் என்றால் புதனுக்குள் அவர்களிடமும் காட்டி, முடிவை நீங்களே ஒன்றாகச் சொல்லிவிடுங்கள்.” மகன் ஒன்று, மருமகள் ஒன்று என்று தனித்தனியாக வரும் திருத்தங்களைச் சேர்த்து வைப்பது டிசைனரின் வேலை இல்லை.

ஐந்தாம் படி: கோப்பு

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சின்ன எழுத்து கலங்கிவிடும். டாக்குமென்ட்டாக பி.டி.எஃப். அனுப்புங்கள். பக்கங்களுக்கு எண் போடுங்கள். கேள்விகளில் பக்கம் 1, பக்கம் 2 என்று சொன்னது அதற்குத்தான். கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும்: `kadalaimittai_200g_v3.pdf`. `final_new_2.pdf` என்று பெயர் வைத்த கோப்பில் எதற்கு ஒப்புதல் கிடைத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. போன் திரையில் பார்க்கும் சிவப்பு ஃபிலிமில் அதே சிவப்பாக வராது. திரை ஒளியில் காட்டுகிறது, அச்சு மையில் வருகிறது. அதனால் திரையில் பார்த்து நிறத்துக்கு ஒப்புதல் கேட்காதீர்கள். “நிறத்தை அச்சு மாதிரி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதிவிடுங்கள்.

பதில் வந்த பிறகு

பதில் ஒழுங்காக வராது. இதுதான் வரும்:

“1 நடுவிலயே இருக்கட்டும். 3 துருவல் உண்டு, கலர் போடுறதில்ல. அப்புறம் தம்பி, மொத்தமா கொஞ்சம் பளிச்சுனு இல்லியே?”

இரண்டாவதும் நான்காவதும் விட்டுப்போயிற்று. புதிதாகப் ‘பளிச்சு’ வந்திருக்கிறது. வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். உடனே திரும்ப எழுதுங்கள்:

“நன்றி அண்ணாச்சி. ஜன்னல் நடுவில், முடிந்தது. துருவல் உண்டு, நிறம் இல்லை. சேர்பொருளில் தேங்காய் சேர்க்கிறேன். 2-உம் 4-உம் பாக்கி, பெயர் விஷயம் தெரியாமல் முன்பக்கத்தை முடிக்க முடியாது. பளிச்சென்று இல்லை என்றது எதை: பெயர் எழுத்தா, பின்னணியா, மிட்டாய் படமா? அசல் அளவில் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன். கடையில் மற்ற பாக்கெட்டுகள் பக்கத்தில் வைத்து, நாலு அடி தள்ளி நின்று பார்த்துச் சொல்லுங்கள்.”

பளிச்சென்று வேண்டும் என்பது அர்த்தமில்லாத விமர்சனம் என்று டிசைனர்கள் சிரிப்பார்கள். அப்படி இல்லை. அவருக்கு ஏதோ ஒன்று சரியாகப் படவில்லை, சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலும் போனில் கட்டைவிரல் அளவில் பார்த்து, பெயர் கண்ணில் படவில்லை என்பதாக இருக்கும். எந்தப் பாகம் என்று மூன்று பெயர் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கட்டைவிரல் அடையாளம் மட்டும் வந்தால்? அது ‘பார்த்தேன்’ என்றும் இருக்கலாம், ‘சரி’ என்றும் இருக்கலாம். திரும்ப மாற்றக்கூடிய விஷயம் என்றால் சரி என்று எடுத்துக்கொண்டு போகலாம். சிலிண்டர் போன்ற விஷயத்தில் கூடாது. பதிலே வராத போதும் இதே கணக்குதான். முதல் ஸ்கெட்ச் நிலையில் “நாளைக்குள் வேறு சொல்லாவிட்டால் இந்த வழியிலேயே போகிறேன்” என்று எழுதுவதில் தப்பில்லை. அச்சுக்குப் போகும் நிலையில் அந்த வரியை எழுதவே எழுதாதீர்கள். மௌனத்தை வைத்து சிலிண்டர் வெட்டினால் பிழைச் செலவு யாருடையது என்ற பேச்சில் நீங்கள்தான் தனியாக நிற்பீர்கள்.

இறுதி ஒப்புதல் வேறு செய்தி

கேள்விகளுக்கு முடிவு வாங்குவதையும் இறுதி ஒப்புதல் வாங்குவதையும் ஒரே செய்தியில் கலக்கக் கூடாது. இறுதி ஒப்புதல் கேட்கும்போது தேர்வு செய்ய எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. சரிபார்ப்பது மட்டும்தான் இருக்க வேண்டும். “எழுத்துப் பிழை இருக்கா பாருங்க” என்று கேட்டால் யாரும் பார்ப்பதில்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும்:

“அண்ணாச்சி, 200 கிராம் பவுச், 4-ஆம் பதிப்பு. இது சிலிண்டருக்குப் போகும் இறுதி டிசைன். இதற்குமேல் மாற்றினால் சிலிண்டர் செலவு மறுபடி வரும். ஒப்புதலுக்கு முன் இவற்றை மட்டும் பாருங்கள்:

அ. உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் 2-இல் உள்ள 14 இலக்க எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.
ஆ. சேர்பொருள்: நிலக்கடலை, வெல்லம், தேங்காய். எடை அதிகமானது முதலில் வர வேண்டும். வரிசை சரியா? வேறு ஏதாவது சேர்க்கிறீர்களா?
இ. முகவரி, வாடிக்கையாளர் தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு ஒரு தடவை போன் போட்டுப் பாருங்கள்.
ஈ. அசல் அளவு பிரிண்ட் அனுப்பியிருக்கிறேன். ஏதாவது ஒரு கடை ஸ்கேனரில் பார்கோடைக் காட்டி, வரும் எண் சரியா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் ‘4-ஆம் பதிப்பு, சிலிண்டருக்கு ஒப்புதல்’ என்று எழுதி அனுப்புங்கள். ஏதாவது மாற வேண்டும் என்றால் ஒப்புதல் தர வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள். 5-ஆம் பதிப்பு அனுப்புகிறேன்.”

கடைசி வரி எதற்கென்றால், “சரி, ஒப்புதல், ஆனா முகவரில பின்கோடு மட்டும் மாத்திடு” என்று பாதி ஒப்புதல் வரும். சின்னத் திருத்தம்தானே என்று மாற்றிவிட்டு சிலிண்டருக்குக் கொடுத்தால், அச்சாவது அவர் பார்க்காத ஒரு பதிப்பு. ஒரு இலக்கம் மாறினாலும் புதிய எண், புதிய கோப்பு, புதிய ஒப்புதல். சலிப்பாகத்தான் இருக்கும்.

நிலக்கடலை ஒவ்வாமை அறிவிப்பு, பச்சை நிறச் சைவக் குறி, நிகர எடை ஆகியவை இருக்கின்றனவா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை வைப்பது டிசைனரின் பொறுப்பு. அனுப்பும் முன் உங்கள் பக்கத்திலேயே முடித்திருக்க வேண்டும். அவருக்கு மட்டுமே தெரிந்ததைத்தான் அவரிடம் கேட்கிறோம்.

இந்த முறை எங்கே வேண்டாம்

ஆரம்பத்தில் பென்சில் கோடாக ஒரு யோசனையைக் காட்டும்போது ஒப்புதல் கேட்டால், பார்ப்பவர் விறைத்துப்போவார். அங்கே “அண்ணாச்சி, இது சும்மா யோசனைதான், முடிவு ஒன்றும் வேண்டாம். பழைய மண்பானை, வெல்லப் பாகு மாதிரியான உணர்வில் போகலாமா, இல்லை இளவட்டத்துக்கு ஏற்ற மாதிரி வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்” என்று ஒரே கேள்வியோடு அனுப்புங்கள். அதில்கூட ‘முடிவு வேண்டாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இது இரண்டு தரப்புக்கும் நிம்மதி. ஒருநாள் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு இத்தனை வரி எழுதினால் கேலிதான் செய்வார்கள். பெயர், தேதி, இடம் மூன்றையும் தட்டச்சு செய்து அனுப்பி, “இந்த மூன்றும் சரியா?” என்று கேட்டால் போதும்.

சிலிண்டர் வந்த பிறகு அச்சகத்திலிருந்து மாதிரி வரும். அது நிறத்துக்கான கடைசி வாய்ப்பு. அப்போது அனுப்பும் செய்தியில் கேள்வி ஒன்றுதான்: “வெயிலில் ஒரு தடவை, கடை ட்யூப்லைட்டில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இந்தச் சிவப்பு சரி என்றால் இரண்டு மாதிரியில் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.” அடுத்த ரோல் வேறு சிவப்பில் வந்து சண்டை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும்.